கையில் 40 லட்சம்: வவுனியாவில் வீடு வாங்கவா, வாடகையிலேயே இருக்கவா?

குருமன்காட்டான்
வணக்கம். குருமன்காட்டில் வாடகைக்கு இருக்கிறம், மாதம் 28,000. பக்கத்து ஒழுங்கையில் இதே அளவு வீடு ஒண்டு விலைக்கு வருது. மூண்டு அறை, 2 பரப்பு, உறுதிக் காணி, கேட்கிற விலை 90 லட்சம். எங்களிட்டை 40 லட்சம் எப்.டி.யில கிடக்கு, அடுத்த மாதம் முதிருது. மனைவி ஆசிரியர், நான் தனியார் கொம்பனி, இரண்டு பேருக்கும் சேர்த்துக் கைக்கு 1 லட்சத்து 75 ஆயிரம் வருது. வங்கி வீட்டுக்கடனுக்கு 12 வீதம், 15 வருசம் எண்டு சொல்லுது. எப்.டி.யைப் புதுப்பிச்சால் 8 வீதம்.

வீட்டில பெரியாக்கள் எல்லாரும் வாங்கு வாங்கு எண்டுதான் நிக்கினம். நான் கேக்கிறது ஒண்டுதான்: அந்த 40ஐயும் வீட்டுக்குள்ள போடுறது லாபமோ, எப்.டி.யில விட்டுட்டு வாடகை கட்டுறது லாபமோ?

பாலியாறு
இதில யோசிக்க என்ன இருக்கு தம்பி? வாடகை எண்டது கிணத்துக்குள்ள போட்ட கல்லு, திரும்பி வராது. 40 லட்சத்துக்கு 8 வீதம் எண்டால் மாதம் 26 ஆயிரத்துச் சொச்சம். அது அப்படியே வாடகைக்குப் போகும். 15 வருசம் கழிச்சுப் பாத்தால் உங்களிட்டை அதே 40தான் நிக்கும், வாங்கினவனிட்டை வீடு நிக்கும். வவுனியா ரவுணுக்குள்ள 2009க்குப் பிறகு காணி விலை இறங்கினதை ஆராவது பாத்திருக்கிறியளோ?

கணக்கன்
பாலியாறு அண்ணை சொன்னதில ஒரு பாதி சரி. மற்றப் பாதிக்கு வாறன். அதுக்கு முதல் குருமன்காட்டானுக்கு ஒரு கேள்வி: வங்கி அந்த வீட்டை மதிப்பீடு செய்திட்டுதோ? 90 லட்சம் எண்டது விக்கிறவர் சொல்லுற விலை. வங்கி அந்த விலைக்குக் கடன் தராது. தன்ரை மதிப்பீட்டாளர் போடுற பெறுமதியில ஒரு வீதத்தைத்தான் தரும்.

குருமன்காட்டான்
ஓம் அண்ணை, போன கிழமை வந்து பாத்தவை. 75 லட்சம் போட்டிருக்கினம், அதில 70 வீதம் தருவினமாம்.

கணக்கன்
அப்ப உங்கட கணக்கு அங்கேயே மாறீட்டுது. 75இல 70 வீதம் 52½ லட்சம். 90க்கு வாங்கினால் உங்கட கையால 37½ லட்சம் போகவேணும். அதோடை முடியாது. முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 90 லட்சத்துக்கு 3 லட்சத்து 59 ஆயிரம் வருது. நொத்தாரிசுக் கூலி, ஈட்டு உறுதி, மதிப்பீடு, சேவையர், காணியின்ர பழைய உரிமைப் பதிவுகளைத் தேடிப் பாத்து வங்கிச் சட்டத்தரணி எழுதுற தோம்பு அறிக்கை எல்லாத்துக்கும் இன்னொரு 2 லட்சமாவது ஒதுக்கி வையுங்கோ. மொத்தம் ஐந்தரை.

ஆக 43 லட்சம் வேணும், உங்களிட்டை இருக்கிறது 40. இந்த 3 லட்சத்துக்குத்தான் ஆக்கள் நகையை அடகு வைக்கிறதும் சீட்டுக் கழிவில எடுக்கிறதும். பிறகு வீட்டுக்கடன், அடகு வட்டி, சீட்டு எண்டு மூண்டு பக்கமும் மாதக் கட்டு. வீடு வாங்கி இரண்டு வருசத்தில சறுக்கிற குடும்பங்கள் கனக்க இந்த இடத்திலதான் சறுக்குதுகள். பெரிய கடன் அவையைத் தள்ளி விழுத்துறதில்லை, அதுக்கு மேல ஏத்தின சின்னக் கடன்தான் விழுத்துது.

இனி வாடகையைக் கிணத்துக்கல்லு எண்ட கதைக்கு வருவம். 52½ லட்சத்துக்கு 12 வீதம், 15 வருசம் எண்டால் மாதக் கட்டு 63,000. முதல் வருசம் 7 லட்சத்து 56 ஆயிரம் கட்டுவியள். அதில கடனின்ர முதல்தொகையில கழிபடுறது வெறும் 1 லட்சத்து 33 ஆயிரம். 6 லட்சத்து 23 ஆயிரம் வட்டி. வாடகை வருசத்துக்கு 3 லட்சத்து 36 ஆயிரம். திரும்பி வராத காசெண்டு பாத்தால் முதல் வருசத்தில வங்கிக்குப் போறது வாடகைக்குப் போறதிலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கிணறு வேறை, அவ்வளவுதான்.

பாலியாறு
வட்டி முதல் வருசம்தான் கூட. வருசம் போகப் போகக் குறையும். வாடகை ஏறிக்கொண்டே போகும். அதையும் சொல்லுங்கோவன்.

கணக்கன்
சரியான கேள்வி அண்ணை. அதுக்காகத்தான் ஒரு வருசத்தைப் பாக்காமல் 7 வருசத்துக்குக் கணக்கு வைக்கவேணும். ஏன் 7? ரீச்சருக்கு இடமாற்றம் வரலாம், பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் மாறலாம். அதுக்கு மேல ஒரே வீடெண்டு நிச்சயமாச் சொல்லுறது கஷ்டம்.

இரண்டு குடும்பம் எண்டு வைப்பம், இரண்டிட்டையும் 43 லட்சம். ஒண்டு வீட்டை வாங்குது. மற்றது வாடகையில இருந்து 43ஐயும் வைப்பில போடுது, அதோடை மாதாமாதம் மிச்சத்தையும் போடுது. மிச்சம் எண்டது என்ன? வாங்கினவன் மாதம் 63,000 கட்டுறான். பூச்சு, கூரை, மோட்டர், சோலை வரி எண்டு மாதத்துக்கு 5,000 அவனுக்கு வேறை. ஆக 68,000. வாடகைக்காரன் 28,000 கட்டுறான். வித்தியாசம் 40,000. வாடகை வருசம் 5 வீதம் ஏறுது எண்டு வைச்சால் ஏழாம் வருசத்தில அந்த வித்தியாசம் முப்பதாயிரம் சொச்சமாக் குறைஞ்சிடும். அண்ணை சொன்ன வாடகை ஏற்றம் இதுக்குள்ள வந்திட்டுது.

எப்.டி. 8 வீதம் எண்டாலும் 2025 ஏப்ரலில இருந்து வட்டியில 10 வீதம் பிடிக்கினம், கைக்கு 7.2தான். அந்த வீதத்தில மாதாமாதம் வட்டியும் சேர்ந்து வந்தால் 43 லட்சம் 7 வருசத்தில 71 லட்சமாகும். மாதாமாதம் போட்டது 39 லட்சமாகும். வாடகைக்காரனிட்டை மொத்தம் 1 கோடி 10 லட்சம்.

வாங்கினவனுக்கு 7 வருச முடிவில வங்கியில இன்னும் 38 லட்சத்து 77 ஆயிரம் கடன் மிச்சம். அதைக் கட்டிப்போட்டு அவன்ர கையிலயும் 1 கோடி 10 நிக்கவேணும் எண்டால் வீடு 1 கோடி 49 லட்சத்துக்கு விலை போகவேணும். 90இல இருந்து 149. வருசத்துக்கு ஏழரை வீதம், விடாமல் 7 வருசம்.

அதுக்கு மேல ஏறினால் வாங்கினது லாபம், கீழ எண்டால் வாடகை லாபம். உங்கட கேள்விக்கு விடை உந்த ஒரு இலக்கம்தான். அந்த ஒழுங்கையில ஏழரை வீதம் ஏறுமோ எண்டது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

சாந்துக்கரண்டி
கட்டடப் பக்கத்தில இருந்து ஒண்டு சொல்லுறன். வீட்டு விலை ஏறுது எண்டு ஆக்கள் சொல்லேக்கை ஏறுறது காணிதான், கட்டடம் இல்லை. 90இல காணி 50, வீடு 40 எண்டு வைச்சால், அந்த 40 ஏழு வருசத்தில பெரிசா ஏறாது. வாறவன் பழைய பூச்சு, பழைய வயரிங், கறையான் பிடிச்ச கதவு நிலையைப் பாத்துத்தான் விலை கேப்பான். அப்ப கணக்கன் சொன்ன 149க்குப் போக 50 லட்சக் காணி 109க்குப் போகவேணும். இரண்டு மடங்குக்கு மேல.

பாலியாறு
சாந்துக்கரண்டி, 2021இல சீமெந்து மூடை ஆயிரம் ரூபா சொச்சம். 2022இல மூவாயிரம் தாண்டிச்சுது. பிறகு உந்த வீட்டைப் புதுசாக் கட்டப் போனால் 40 லட்சத்துக்குக் கட்டேலுமோ? கட்டடமும் ஏறும் ஐயா. அந்த வருசம் எப்.டி.யில வைச்சிருந்தவன்ர காசு என்னாச்சு? 2022 செப்ரெம்பரில விலைவாசி ஏற்றம் 69.8 வீதம், கொழும்புச் சுட்டெண்படி. டொலர் 200இல இருந்து 360. வைப்பில கிடந்த 40 லட்சம் பாதிப் பெறுமதி ஆகிப்போச்சு. காணி வைச்சிருந்தவன் தப்பினான்.

சாந்துக்கரண்டி
புதுசாக் கட்டுற செலவு ஏறினது உண்மைதான் அண்ணை. ஆனால் பழைய வீட்டுக்கு வாறவன் அந்தச் செலவைத் தரமாட்டான், அதில பாதியைத்தான் தருவான். அப்ப கட்டடம் 40இலயே நிக்கும் எண்டது கொஞ்சம் கடுமையான கணக்கு, முழுசா ஏறும் எண்டது பிழையான கணக்கு. நடுவில எங்கேயோ.

கணக்கன்
2022ஐப் பற்றி அண்ணை சொன்னது அப்படியே சரி. விலைவாசி பாயுற காலத்தில ரூபா வைப்பு காப்பாத்தாது. என்ர கணக்கில பெரிய ஓட்டை எண்டால் அதுதான். நான் 7.2ஐ ஏழு வருசத்துக்கும் நிலையா வைச்சிருக்கிறன், விலைவாசி எவ்வளவெண்டு சொல்லேல்லை.

ஆனால் அதே 2022இல கடன்காரனுக்கு என்ன நடந்தது எண்டதையும் பாக்கவேணும். மாறும் வட்டியில வீட்டுக்கடன் எடுத்தவைக்கு வட்டி இரட்டிப்பாச்சுது. உங்கட 52½ லட்சத்துக்கே 12 எண்டது 24 ஆகினால் மாதக் கட்டு 63,000இல இருந்து 1 லட்சத்து 8 ஆயிரத்துக்குப் போகும். கைக்கு வாறது 1 லட்சத்து 75. மிஞ்சுறது 67,000. அதுக்குள்ள சாப்பாடு, பள்ளிக்கூடம், மோட்டார்சைக்கிளுக்குப் பெற்றோல். விலைவாசி ஏறின அதே மாதத்தில.

ஆகவே குருமன்காட்டான் வங்கியிட்டைக் கேக்கவேண்டிய முதல் கேள்வி 12 வீதமோ 11½ வீதமோ எண்டது இல்லை. அந்த 12 எத்தனை வருசத்துக்கு நிலையானது? அதுக்குப் பிறகு எதைப் பாத்து மாறும், மாறினால் எவ்வளவு மட்டும் போகலாம் எண்டு கடிதத்தில எழுதியிருக்கோ? கடன் அனுமதிக் கடிதத்தில இது ஒரு சின்ன வரியாத்தான் கிடக்கும். கனபேர் மாதக் கட்டு எவ்வளவெண்டு மட்டும் பாத்துக் கையெழுத்து வைக்கிறவை.

மல்லாவிச் செல்வி
எனக்கும் இதே கேள்விதான். மல்லாவிப் பக்கம் வீட்டுத்திட்ட வீடு ஒண்டு 35 லட்சத்துக்கு வருது, அரை ஏக்கர் காணியோட. கடனே வேண்டாம், கைக்காசு போதும். பெர்மிட் காணி எண்டு சொல்லுகினம். சமாதான நீதவானுக்கு முன்னால எழுதித் தருவினமாம். இது லாபம்தானே?

உறுதிக்கட்டு
தங்கச்சி, இது அதே கேள்வி இல்லை. நீங்கள் வாங்குறது வீடு இல்லை, ஒரு கடுதாசி.

வன்னியில அரைவாசிக் குழப்பம் இந்தப் பெர்மிட்டாலதான். பெர்மிட் எண்டது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, 1935ஆம் ஆண்டுச் சட்டம், அரசு ஒரு ஆளுக்கு இருக்கவும் செய்கை பண்ணவும் குடுத்த அனுமதி. காணி அரசின்ரைதான். பெர்மிட்காரர் அதை விக்கேலாது. அதுக்கடுத்த படி அளிப்புப் பத்திரம். அதையும் பிரதேச செயலாளரின்ர எழுத்துமூலச் சம்மதத்தை முதல் எடுத்திட்டுத்தான் கைமாத்தலாம், சம்மதம் இல்லாமல் எழுதினால் அந்த உறுதி செல்லாது.

சமாதான நீதவானுக்கு முன்னால எழுதுறதும் பயனில்லை. அசையாச் சொத்து விற்பனையை நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் கையெழுத்து வைச்சு முடிக்கவேணும் எண்டு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லுது. வெறுங் கடதாசியில 35 லட்சம் குடுத்தால் உங்களிட்டை இருக்கிறது விக்கிறவரின்ர நல்ல மனசு மட்டும்தான். அவர் உயிரோட இருக்குமட்டும் சரி. அவர் கண்மூடினால் பெர்மிட் அவர் பதிஞ்ச பின்னுரித்தாளருக்குப் போகும், அந்தப் பிள்ளை வந்து எழும்புங்கோ எண்டால் நீங்கள் எழும்பவேண்டியதுதான். வங்கியும் அதுக்கு ஒரு சதம் கடன் தராது. நாளைக்கு நீங்கள் விக்கப் போனாலும் வாங்குறவன் இதே பயத்தைச் சொல்லித்தான் விலையைக் குறைப்பான்.

மல்லாவிச் செல்வி
இங்கை எல்லாரும் அப்படித்தானே வாங்கி இருக்கினம் அண்ணை. பத்து வருசமா இருக்கிறவையும் இருக்கினம்.

உறுதிக்கட்டு
இருக்கினம், இல்லை எண்டு சொல்லேல்லை. பத்து வருசம் இருந்தால் ஆட்சியுரிமை வந்திடும் எண்டு சில பேர் சொல்லுவினம், அது தனியார் காணிக்கு. அரச காணிக்கு எதிரா அந்தக் கதை எடுபடாது. நீங்கள் போய் பிரதேச செயலகக் காணிக் கிளையில அந்தப் பெர்மிட் இலக்கத்தைக் குடுத்து மூண்டு விசயம் கேளுங்கோ. பெர்மிட் இப்பவும் உயிரோட இருக்கோ, பின்னுரித்தாளர் எண்டு ஆற்றை பேர் பதிஞ்சிருக்கு, அளிப்புக்கு விண்ணப்பம் போயிருக்கோ. அளிப்பு வந்து, சம்மதமும் வந்தால் அப்ப வாங்குங்கோ. அதுவரைக்கும் 35 லட்சத்தைக் குடுத்து இருக்கிறதை வீடு வாங்கினதாக் கணக்கு வைக்காதேங்கோ, முடிவு தேதி தெரியாத குத்தகையா வையுங்கோ. அப்படிப் பாத்தால் அந்தக் காசின்ர வட்டி மாதம் 21,000 வருது. மல்லாவியில அந்த வாடகைக்கு என்ன வீடு எடுக்கலாம் எண்டு உங்களுக்கே தெரியும்.

குருமன்காட்டான், உங்கடை உறுதிக் காணி எண்டுறியள். உறுதி ஆற்றை பேரில?

குருமன்காட்டான்
அண்ணன் தம்பி இரண்டு பேர் பேரில. தம்பி இங்கை, அண்ணன் பிரான்சில. அண்ணன் தம்பிக்கு அற்றோணித் தத்துவம் அனுப்பியிருக்கிறார்.

உறுதிக்கட்டு
அப்ப அந்தத் தத்துவத்தைக் கையில எடுத்து, என்னென்ன அதிகாரம் குடுத்திருக்கு எண்டு வாசியுங்கோ. “பராமரிக்க, வாடகைக்கு விட, வழக்காட” எண்டு மட்டும் இருந்தால் அதை வைச்சு விக்கேலாது. “விற்க, விலைக்கிரய உறுதி எழுதிக் கையொப்பமிட” எண்டு இருக்கவேணும், இந்தக் காணியின்ர பெயரும் பரப்பும் இருந்தால் இன்னும் நல்லம். பிரான்சில எழுதினது எண்டால் அங்கத்தைத் தூதரகத்தில உறுதிப்படுத்தி, இங்கை பதிஞ்சிருக்கவேணும். பிறகு இன்னொண்டு, இதை ஆரும் கேக்கிறதில்லை: அண்ணன் இண்டைக்கு உயிரோட இருக்கிறாரோ? தத்துவம் குடுத்தவர் இறந்தால் தத்துவமும் அதோட முடிஞ்சுது. கையெழுத்து வைக்கிற கிழமை அவரோட வீடியோவில கதைச்சுப் போட்டு வையுங்கோ.

தேசவழமை முன்வாங்கலையும் பாக்கவேணும். பங்காளிக்கும் வாரிசாகக்கூடியவைக்கும் முதல் வாங்குற உரிமை இருக்கு, 1947ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு பேரும் சேர்ந்து விக்கிறதால பங்காளிப் பிரச்சினை இல்லை, ஆனால் வாரிசுகளுக்கு முறையா அறிவித்தல் போகாமல் எழுதினால் பிறகு ஒரு மருமகன் வந்து வழக்கு வைப்பார். நொத்தாரிசு அந்த அறிவித்தலைப் போட்டவரோ எண்டு கேளுங்கோ.

தோம்பு 30 வருசத்துக்குப் பாருங்கோ. வவுனியா எண்டபடியால் உங்களுக்குப் பெரிய அலைச்சல் இல்லை. கிளிநொச்சிக் காணி வாங்குறவைக்குத்தான் சோலி, மாவட்டம் 1984இலதான் பிரிஞ்சது, அதுக்கு முந்தின பதிவுகளை யாழ்ப்பாணத்தில போய்த் தேடவேண்டி வரும்.

பிரம்டன் வன்னியன்
இங்கை கனடாவில மோட்கேஜ் நாலரை வீதத்துக்கு எடுத்து அனுப்பினால் 12 வீதம் கட்டத் தேவையில்லையே? எப்.டி.யில போட்டாலும் 8 வீதம் கிடைக்கும், வித்தியாசம் சும்மா லாபம்.

கணக்கன்
நாணய வித்தியாசத்தை விட்டிட்டியள். 2022இல ரூபா விழுந்த மாதிரி ஒருக்கா விழுந்தால் உந்த மூண்டரை வீத லாபம் பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு அள்ளுப்பட்டுப் போகும். குருமன்காட்டான் சம்பளம் எடுக்கிறதும் ரூபாயில. அவற்றை கேள்விக்கு இது வராது, தனி இழை தொடங்குங்கோ.

குருமன்காட்டான்
கணக்கன் அண்ணை, மூண்டாவது வழி ஒண்டும் மனசில ஓடுது. கடனே எடுக்காமல், இருக்கிற 40க்குத் தாண்டிக்குளம், நொச்சிமோட்டைப் பக்கம் வெறுங் காணி வாங்கி வைச்சிட்டு வாடகையில இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கட்டுறது.

கணக்கன்
எனக்குப் பிடிச்ச வழி அதுதான். கணக்கிலயும் அது இலேசு. வீட்டோட வாங்கேக்கை நீங்கள் 12 வீதத்துக்குக் கடன் எடுத்து, ஏறாத கட்டடத்தையும் சேர்த்து வாங்குறியள். வெறுங் காணிக்கு நீங்கள் விடுறது எப்.டி.யின்ர 7.2 மட்டும். காணி வருசம் ஏழு, ஏழரை ஏறினால் போதும், கணக்குச் சரி. வீட்டோட எண்டால் கரண்டி சொன்னபடி அதே காணி வருசத்துக்குக் கிட்டத்தட்ட 12 வீதம் ஏறவேணும்.

அதோட 40ஐயும் காணிக்குள்ள போடாதேங்கோ, 33, 34க்குள்ள பாருங்கோ. முத்திரை வரி போக ஒரு ஆறு மாத வீட்டுச்செலவு கையில நிக்கவேணும். அந்தக் காசை வைப்பில வைக்கேக்கை ஒரு நிறுவனத்தில ஒராளுக்கு 11 லட்சம் வரைக்கும்தான் வைப்புக் காப்புறுதி, அதையும் மனசில வையுங்கோ. ரீச்சரின்ர மொத்த வருமானம் வருசத்துக்கு 18 லட்சத்துக்குக் கீழ எண்டால் அவவின்ர பேரில வைப்பைப் போட்டு வங்கிக்குச் சுயபிரகடனம் குடுக்கலாம், 10 வீதம் பிடிக்கமாட்டினம்.

ரீச்சர் எண்டபடியால் இன்னொண்டு: அரச ஊழியருக்கு ஆதனக் கடன் இருக்கு, சலுகை வட்டி. வலயக் கல்வி அலுவலகத்தில இப்ப ஓடுற சுற்றறிக்கையைக் கேளுங்கோ. கட்டேக்கை அதை எடுத்தால் நான் மேல போட்ட 12 வீதக் கணக்கு முழுக்க மாறிப்போகும். சில வேளை 90 லட்ச வீடும் திரும்பக் கணக்குக்குள்ள வரலாம்.

பாலியாறு
வெறுங் காணி எண்டு விட்டால் பத்தை மூடிப்போகும், பக்கத்துக்காரன் வேலியைத் தள்ளுவான். வருசத்துக்கு இரண்டு தரம் துப்பரவாக்கக் கூலி வேணும். அதோட ஒரு முறை “பிறகு கட்டுவம்” எண்டால் அது பிறகாகவே இருக்கும். கடன் கழுத்தில இருந்தால்தான் எங்கட ஆக்கள் காசு சேர்ப்பினம். மாதம் 40,000 மிச்சம் பிடிச்சு வைப்பில போடுவினம் எண்டு கணக்கன் எழுதினது கடதாசியில நல்லா இருக்கு. கலியாணவீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா எண்டு வந்தால் அந்த 40,000 எங்கை?

கணக்கன்
அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை அண்ணை. மிச்சம் பிடிக்காத வாடகைக்காரன் தோக்கத்தான் செய்வான். போட்ட கணக்கில 1 கோடி 10இல 39 லட்சம் அந்த மாதாமாதப் போடுகையால வந்தது. அது வராட்டில் வாங்கினவன்தான் வெல்லுறான், வீடு வருசம் மூண்டு வீதம் ஏறினாலே போதும். சம்பளம் வாற அண்டே நிலையான கட்டளை போட்டு வைப்புக்குப் போகுமெண்டால்தான் வாடகை வழி கதைக்கலாம்.

சாந்துக்கரண்டி
எதை வாங்கினாலும் கிணத்தை ஆவணி, புரட்டாதியில பாருங்கோ. மார்கழியில எல்லாக் கிணத்திலயும் தண்ணி நிக்கும். பிறகு மழைக்காலத்தில ஒருக்கா போய் வெள்ளம் எதுவரைக்கும் ஏறினது எண்டு சுவரில கறையைப் பாருங்கோ. புதுசாப் பெயின்ற் அடிச்சிருந்தால் அலுமாரிக்குப் பின்பக்கம் பாருங்கோ, அங்கை அடிக்க மாட்டாங்கள்.

குருமன்காட்டான்
90 லட்ச வீட்டுக்காரரோட இண்டைக்குக் கதைச்சனான். வங்கி மதிப்பீடு 75 எண்டதைச் சொல்ல, 82க்கு வாறன் எண்டுறார். ஆனால் இந்தக் கிழமையே 5 லட்சம் அட்வான்ஸ் வேணுமாம், இல்லாட்டில் வேறை ஆளுக்குக் குடுக்கிறாராம். மனைவி நாளைக்கு ஆதனக் கடன் விசாரிக்கப் போறா.

உறுதிக்கட்டு
குடுக்கிறதெண்டால் பற்றுச்சீட்டுக்குக் குடுக்காதேங்கோ. நொத்தாரிசு முன்னால விற்பனை உடன்படிக்கை எழுதிக் குடுங்கோ, அண்ணனின்ர தத்துவத்தையும் அதில குறிப்பிட்டு. வங்கிக் கடன் மறுத்தாலோ, தோம்பில குறை வந்தாலோ முழு அட்வான்ஸும் இத்தனை நாளுக்குள்ள திரும்பவேணும் எண்ட வரி அதில கட்டாயம் வேணும். அதை எழுத மாட்டன் எண்டு சொன்னால் 82 எண்ட விலையும் மலிவில்லை.